ஐம்பதாயிரத்துக்கு ஒரு கையெழுத்து… இன்சூரன்ஸ் பணத்துக்கு வேட்டு!

திருப்பூரில் மழைக்காலக் காலை. குஜராத்திலிருந்து வந்த லாரியின் தார்ப்பாயை அவிழ்த்ததுமே வாடை அடிக்கிறது. 300 மூட்டை நூலில் பின்பக்கம் இருந்த 30 மூட்டை நனைந்து, அட்டைக் கோன்கள் ஊறி, நூலில் மஞ்சள் கறை ஏறியிருக்கிறது. தார்ப்பாயின் ஒரு மூலையில் கை நுழையும் அளவுக்குக் கிழிசல். வழியில் எங்கேயோ கயிறு அறுந்திருக்கிறது, டிரைவர் கவனிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் மேனேஜர் பைக்கில் வந்து இறங்குகிறார். கையில் ஒரு வெள்ளைத்தாள்.

“ஏனுங்ணா, தப்பு நம்ம பக்கந்தான். இல்லைன்னு சொல்லலைங். வாடகையில ஐம்பதாயிரம் கழிச்சுக்குங்க. கம்ப்ளைன்ட், வக்கீல் நோட்டீஸ்னு போனா ரெண்டு பேருக்கும் அலைச்சல். உங்களுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்குதுங்களே, அதையும் வாங்கிக்குங்க. நாளைக்கும் நம்ம வண்டிதானுங்க ஓடோணும்?”

தாளில் இரண்டே வரி: “சேதத்துக்கான முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டேன். இது தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.” பத்து வருடப் பழக்கம். முதலாளி கையெழுத்துப் போடுகிறார். பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போடுகிறார்.

தமிழ்நாட்டின் நூல், துணி, ஜவுளிக் குடோன்களில் எங்கும் நடக்கக்கூடிய காட்சி இது. அந்த இரண்டு வரிக்கு உண்மையில் என்ன விலை என்பது சில வாரம் கழித்து வரும் கடிதத்தில்தான் தெரியும்: ‘லாரி நிறுவனத்திடமிருந்து தொகையை வசூலிக்கும் எங்கள் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்துவிட்டதால், உங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது.’

பணம் கொடுத்தவர் உங்கள் இடத்தில்

இந்தக் கடிதத்துக்கு அடிப்படையான விதிக்குப் பெயர் சப்ரொகேஷன். ஒருவர் செய்த தவறால் உங்களுக்கு நஷ்டம். தவறு செய்தவரிடம் ஈடு கேட்கும் உரிமை உங்களுடையது. அதற்குள் இன்சூரன்ஸ் நிறுவனம் உங்கள் நஷ்டத்தைத் தீர்த்துவிட்டால், அந்த உரிமையை உங்கள் சார்பில் பயன்படுத்தித் தான் கொடுத்த பணத்தை மீட்டுக்கொள்ள அதற்கு வழி பிறக்கிறது. இந்தியக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 1963-ன் 79-வது பிரிவு இதைச் சொல்கிறது. சரக்குப் போக்குவரத்து பாலிசிகளும் அதன் வழியில்தான் நடக்கின்றன.

விதியின் நியாயம் இரண்டு பக்கம். தவறு செய்தவர், ‘அவருக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே’ என்று சொல்லித் தப்பக் கூடாது. நஷ்டப்பட்டவரும் ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் வாங்கி லாபம் பார்க்கக் கூடாது. புக்கிங் மேனேஜர் சொன்ன ‘அதையும் வாங்கிக்குங்க’ என்ற யோசனை இந்த இரண்டுக்குமே எதிரானது.

இங்கே கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு லாரிக்காரர் மீது சொந்தமாக எந்த உரிமையும் கிடையாது. உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறதோ அதுதான் அதற்கும். நீங்கள் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், கைமாற்றுவதற்கு உங்களிடம் எதுவும் மிச்சமில்லை.

---

பெட்டிச் செய்தி: சட்டம் சொல்லும் நாலு சங்கதி

● சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007. நடைமுறைக்கு வந்தது 2011 மார்ச் 1. அதற்கு முன்பு இருந்தது 1865-ம் ஆண்டின் சட்டம்.

● சேதம் பற்றி எழுத்துபூர்வமான நோட்டீஸை, சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் லாரி நிறுவனத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வழக்கே போட முடியாது.

● லாரி நிறுவனத்தின் பொறுப்புக்கு 2011-ம் ஆண்டு விதிகள் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன: வாடகையைப் போல் பத்து மடங்கு. அதுவும் புக்கிங் படிவத்தில் எழுதிய சரக்கு மதிப்பைத் தாண்டாது. கூடுதல் கட்டணம் கட்டி அதிக மதிப்புக்கு ஒப்பந்தம் செய்துகொண்டால் இந்த வரம்பு மாறும்.

● கவனக்குறைவு நடந்தது என்று சரக்குக்காரர் நிரூபிக்கத் தேவையில்லை. சரக்கு சேதமாகி வந்தது என்று காட்டினால் போதும்.

---

திண்டுக்கல்லில் தொடங்கிய வழக்கு

இந்த விஷயத்தில் நாடு முழுவதும் இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு, தமிழ்நாட்டு நூற்பாலை ஒன்றின் வழக்கிலிருந்து பிறந்தது. சரண் ஸ்பின்னிங் மில்ஸ் 7,70,948 ரூபாய் மதிப்புள்ள பனியன் நூலை, எகனாமிக் டிரான்ஸ்போர்ட் ஆர்கனைசேஷன் மூலம் கல்கத்தாவுக்கு அனுப்பியது. லாரி விபத்துக்குள்ளாகி நூல் பாழானது. சர்வேயர் அறிக்கையின் பேரில் நேஷனல் இன்சூரன்ஸ் 4,47,436 ரூபாய் கொடுத்தது. பணத்தைப் பெற்றுக்கொண்ட ஆலை, 1996 ஜூனில் சப்ரொகேஷன் கடிதமும் சிறப்பு அதிகாரப் பத்திரமும் சேர்ந்த ஓர் ஆவணத்தை எழுதிக் கொடுத்தது. ஆலையும் இன்சூரன்ஸ் நிறுவனமும் சேர்ந்து திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போயின.

மன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. லாரி நிறுவனம் விடவில்லை. ‘சேவையை வாங்கியது ஆலை, இன்சூரன்ஸ் நிறுவனம் எப்படி நுகர்வோர் ஆகும்?’ என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000-ல் ஓபராய் ஃபார்வர்டிங் ஏஜென்சி வழக்கில் வந்த தீர்ப்பு லாரி நிறுவனத்துக்குச் சாதகமாக இருந்தது. அதனால் விவகாரம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வின் முன் வந்தது.

2010 பிப்ரவரி 17 அன்று அந்த அமர்வு லாரி நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஆலையின் பெயரில் வழக்குப் போடலாம். ஆலைக்காக அதிகாரம் பெற்றவர் என்ற முறையில் இன்சூரன்ஸ் நிறுவனம் நடத்தலாம். இருவரும் சேர்ந்தும் போடலாம் என்று வழியைத் தெளிவாக்கியது. கூடவே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. நுகர்வோர் சட்டத் திருத்தம் 2003 மார்ச் 15-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, வணிக நோக்கத்துக்காக வாங்கும் சேவைக்கு நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடிவிட்டது. ஆகவே இன்றைக்குத் திருப்பூர் முதலாளியின் நூல் வழக்கு போக வேண்டிய இடம் சிவில் நீதிமன்றம் அல்லது வணிக நீதிமன்றம்தான்.

மீட்புப் பணி எப்படி நடக்கிறது?

கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் திருப்பூர் கதை எப்படிப் போயிருக்கும் என்று பார்க்கலாம். கணக்குக்கு இந்த எண்களை வைத்துக்கொள்வோம்: நனைந்த 30 மூட்டையின் மதிப்பு 4,05,000 ரூபாய். ஈர நூலைக் கழிவு விலைக்கு விற்றதில் 1,05,000 வந்தது. நிகர நஷ்டம் 3,00,000. லாரி வாடகை 75,000. பத்து மடங்கு என்றால் 7,50,000. ஆக, லாரி நிறுவனத்தின் பொறுப்பு வரம்புக்குள் முழு நஷ்டமும் அடங்கிவிடுகிறது.

முதல் வேலை குடோன் வாசலிலேயே நடக்கிறது. லாரி ரசீதில் வெறுமனே கையெழுத்துப் போட்டு அனுப்பாமல், ‘30 மூட்டை நனைந்து வந்தது, தார்ப்பாய் கிழிசல்’ என்று எழுதி டிரைவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். சரக்கு நல்லபடியாக வந்தது என்று கையெழுத்திட்ட ரசீது லாரிக்காரர் கையில் இருந்தால், சேதம் உங்கள் குடோனில் நடந்தது என்று பின்னால் வாதம் வரும். லாரி நிறுவனத்திடம் சேதச் சான்றிதழ் கேட்க வேண்டும். தர மறுத்தால், கேட்டதற்கான கடிதமே சாட்சி.

அடுத்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல். சர்வேயர் வந்து பார்க்கும் வரை நனைந்த மூட்டைகளைத் தனியே அடுக்கி வைக்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்ட பிறகே கழிவு விலைக்கு விற்க வேண்டும்.

மூன்றாவதுதான் பலர் கோட்டை விடும் இடம். லாரி நிறுவனத்துக்குப் பணக் கோரிக்கை நோட்டீஸ் பதிவுத் தபாலில் போக வேண்டும். ‘இன்சூரன்ஸ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று முதலாளி விட்டுவிடுவார். இன்சூரன்ஸ் கோப்பு நகர்ந்து முடிவதற்குள் 180 நாள் ஓடிவிடும். அந்த நாள் கணக்கு சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. குஜராத்தில் புக் செய்த நாளிலிருந்து தொடங்குகிறது. பாலிசியிலேயே, போக்குவரத்து நிறுவனத்துக்கு எதிரான உரிமைகளைப் பாதுகாப்பது காப்பீடு எடுத்தவரின் கடமை என்று எழுதியிருக்கும். நோட்டீஸ் போடாமல் விடுவதும், உரிமையை எழுதிக் கொடுப்பதும் கடைசியில் ஒரே விளைவைத்தான் தருகின்றன.

பாலிசியில் உரிமையாளரே ஏற்க வேண்டிய பங்கும், பாலிசிக்குள் வராத செலவும் கழிந்து, இன்சூரன்ஸ் நிறுவனம் 2,40,000 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது முத்திரைத்தாளில் சப்ரொகேஷன் கடிதமும் அதிகாரப் பத்திரமும் வாங்கிக்கொள்கிறது. அதன்பின் அதன் மீட்புப் பிரிவு லாரி நிறுவனத்துக்கு நோட்டீஸ் விடுகிறது; பேசுகிறது; படியவில்லை என்றால் வழக்குப் போடுகிறது. வழக்குக்கான கெடு, சேதம் நடந்ததிலிருந்து மூன்று ஆண்டு.

இந்த வழக்கில் பெரும்பாலும் வாதியின் பெயர் உங்களுடையதாகவே இருக்கும். செலவும் வக்கீலும் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் லாரி ரசீது, பில், சேதப் புகைப்படம் எல்லாம் உங்களிடமிருந்துதான் வர வேண்டும். தேவைப்பட்டால் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். பணம் வந்ததோடு கோப்பை மூடிப் பழைய பேப்பரோடு போட்டுவிடக் கூடாது.

மீட்ட பணம் யாருக்கு?

சப்ரொகேஷன் கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்திடுகிறவர்கள்தான் அதிகம். காசோலை கண்ணில் தெரியும்போது கடிதத்தின் வாசகம் யார் கண்ணுக்குப் படுகிறது? ஆனால் மீட்கும் பணத்தில் உங்கள் பங்கு அந்த வாசகத்தில்தான் இருக்கிறது. சரண் ஸ்பின்னிங் தீர்ப்பு இதை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டுகிறது.

நமது கணக்கையே எடுத்துக்கொள்வோம். நஷ்டம் 3,00,000, இன்சூரன்ஸ் கொடுத்தது 2,40,000, உங்கள் தலையில் நின்றது 60,000. லாரி நிறுவனத்திடமிருந்து கடைசியில் 2,70,000 வசூலாகிறது.

முதல் வகையில் தனிக் கடிதம் எதுவும் இல்லை. பொதுவான நீதி நெறிப்படி பங்கு பிரிகிறது. நஷ்டப்பட்டவர் முதலில் முழுமையாக ஈடு பெற வேண்டும். உங்களுக்கு 60,000 வந்த பிறகு மீதி 2,10,000 இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு.

இரண்டாவது வகையில் சப்ரொகேஷன் கடிதம் உண்டு; அதன் வாசகப்படிதான் எல்லாம். ‘நாங்கள் கொடுத்த தொகை முதலில் எங்களுக்கு’ என்று அதில் இருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் 2,40,000 எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு 30,000.

மூன்றாவது வகை, உரிமையையே முழுதாக எழுதிக் கொடுப்பது. அதன்பிறகு லாரிக்காரர் மீது உங்களுக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. கடிதம் அப்படிச் சொன்னால், 2,70,000-மும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கே. கொடுத்ததைவிட அதிகமாக வந்தாலும் அதற்கே.

உங்கள் கைக்கு 60,000 வருமா, 30,000 வருமா, ஒன்றும் வராதா என்பது ஒரே ஒரு பத்தியில் இருக்கிறது. சேதத்தில் பெரும்பகுதி உங்கள் தலையிலேயே நிற்கிறது என்றால், கடிதத்தில் கையெழுத்திடும் முன் அந்தப் பத்தியைத் திருத்தக் கேட்பதில் தவறே இல்லை.

---

பெட்டிச் செய்தி: ரோட்டில் கார் மோதினால்?

சிக்னலில் பின்னால் வந்து இடித்தவர் பத்தாயிரத்தை நீட்டி, ‘பிரச்னை வேண்டாம் சார்’ என்றால் நம்மில் பலர் வாங்கிக்கொள்கிறோம். கார் பாலிசியின் நிபந்தனைகளைப் படித்தால் இதற்கும் ஒரு வரி இருக்கும்: நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாகச் சொல்வதோ, கொடுப்பதோ கூடாது, உங்கள் பெயரில் எதிராளி மீது வழக்கு நடத்தும் உரிமையும் நிறுவனத்துக்கு உண்டு. இடித்தவர், இடிபட்டவர் இருவருக்கும் இந்த வரி பொருந்தும்.

இரு கார்களுக்கும் முழு பாலிசி இருந்தால், பெரும்பாலும் அவரவர் நிறுவனம் அவரவர் காரைச் சரிசெய்துவிட்டு ஒருவர் மேல் ஒருவர் போகாமல் விட்டுவிடும் ஏற்பாடு நிறுவனங்களுக்குள் உண்டு. ஆனால் அது அவர்களுக்குள் உள்ள ஏற்பாடு. அதை நம்பி நீங்கள் எழுதிக் கொடுக்க முடியாது.

---

விட்டுக்கொடுத்தால் யாருக்கு என்ன இழப்பு?

இப்போது வெள்ளைத்தாளுக்கு வருவோம். முதலாளி 50,000 வாங்கிக்கொண்டு முழுத் தீர்வு என்று எழுதிவிட்டார். 3,00,000 கேட்கும் உரிமை அந்த நொடியில் தீர்ந்தது. இன்சூரன்ஸ் நிறுவனம் 2,40,000 கொடுத்தால் ஒரு ரூபாயைக்கூட மீட்க வழியில்லை. அது கோரிக்கையை மறுக்கலாம். தன் மீட்பு உரிமை எவ்வளவு பாதித்ததோ அந்த அளவுக்குத் தொகையைக் குறைக்கலாம். மறுத்தது சரியா என்று வழக்காட முடியும்தான். ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும் அந்த வழக்கில், எதிர்த்தரப்பின் முதல் ஆவணமாக உங்கள் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கும். அலைச்சல் வேண்டாம் என்று போட்ட கையெழுத்து அலைச்சலின் எதிராளியை மட்டும் மாற்றிவிடுகிறது. மூன்று லட்சம் நஷ்டத்துக்கு ஐம்பதாயிரம்தான் கையில்.

சிலர் முதலில் இன்சூரன்ஸ் பணத்தை வாங்கிவிட்டுப் பிறகு லாரிக்காரரிடம் கை நீட்டுகிறார்கள். இது இன்னும் ஆபத்து. பணம் வாங்கிய பிறகு எதிராளியிடம் பெறும் தொகையில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. அதை மறைத்தால் திருப்பிக் கேட்கும். உரிமையை விட்டுக்கொடுத்திருந்தால் அதன் மதிப்பை உங்களிடமே நஷ்டஈடாகக் கேட்கும்.

லாரி நிறுவனத்துக்காவது இது லாபமா? அங்கேயும் கணக்கு உதைக்கிறது. லாரியின் மோட்டார் பாலிசி அது ஏற்றி வரும் சரக்குக்குப் பொருந்தாது. அதற்கென்று போக்குவரத்து நிறுவனத்தின் சட்டப்பொறுப்புக் காப்பீடு தனியே உண்டு. விவரம் தெரிந்த நிறுவனங்கள் அதை எடுத்து வைத்திருக்கின்றன. அந்த பாலிசியிலும் ‘சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளாதே’ என்ற நிபந்தனை வரும். ‘தப்பு நம்ம பக்கந்தான்’ என்று சொல்லி வாடகையைக் கழித்துக்கொண்ட மேனேஜர், தன் முதலாளிக்கு வர வேண்டிய காப்பீட்டையும் அங்கேயே தொலைத்திருக்கலாம். மேலும், இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுத்துவிட்டது தெரிந்தும் சரக்குக்காரரிடம் சல்லிசாக முடித்துக்கொண்டால், அந்தத் தீர்வு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று இன்சூரன்ஸ் நிறுவனம் வாதாட இடம் உண்டு.

லாரிக்காரர்கள் நீட்டும் இன்னொரு கேடயம், ரசீதில் அடித்திருக்கும் ‘சரக்குக்காரர் பொறுப்பில்’ என்ற முத்திரை. அதைப் பார்த்து, வழக்குப் போட்டாலும் நிற்காது என்று பயந்து கொடுத்ததை வாங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை. 2000-ம் ஆண்டு நாத் பிரதர்ஸ் எக்ஸிம் வழக்கிலேயே, இந்த முத்திரை இருந்தாலும் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து போக்குவரத்து நிறுவனம் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்த முத்திரையைவிட ஆபத்தானது வருடாந்திர வாடகை ஒப்பந்தம். ‘எந்தச் சேதத்துக்கும் லாரி நிறுவனத்திடம் ஈடு கேட்கமாட்டோம்’ என்ற வரியை வாடகைச் சலுகைக்காக ஏற்றுக்கொண்டிருந்தால், சேதம் நடக்கும் முன்பே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் உரிமையை விற்றுவிட்டீர்கள் என்று பொருள். அப்படி ஓர் ஒப்பந்தம் போடத்தான் வேண்டும் என்றால், பாலிசி எடுக்கும்போதே நிறுவனத்திடம் சொல்லி, மீட்பு உரிமையைக் கைவிடும் சம்மதத்தைப் பாலிசியிலேயே எழுதி வாங்க வேண்டும். அதற்குப் பிரீமியம் கூடலாம்.

பழக்கத்தையும் கெடுக்காமல், பணத்தையும் விடாமல்…

தனிப்பட்ட சமரசமே கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரியாமல் செய்வதுதான் வினை. லாரிக்காரர் தொகை தர முன்வந்தால், அதை அப்படியே எழுத்தில் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்து, எழுத்தில் சம்மதம் கேளுங்கள். பல நேரம் அவர்களே சமரசத்தை விரும்புவார்கள். வழக்கைவிட அதுதான் அவர்களுக்கும் மிச்சம்.

அவசரமாகக் கொஞ்சம் பணம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ரசீதில் ‘முழுத் தீர்வு’ என்ற சொல்லே வரக் கூடாது. ‘சேதத்தொகையில் ஒரு பகுதியாக, மீதி உரிமைகளுக்குப் பாதகம் இல்லாமல் பெற்றுக்கொண்டது’ என்று எழுதி, அதன் நகலை அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். வாங்கிய தொகை இழப்பீட்டில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். கோரிக்கை உயிரோடு இருக்கும்.

லாரி ஆபீஸ் மேனேஜரிடம் சொல்லவும் ஒரு நல்ல பதில் இருக்கிறது: “நோட்டீஸ் போடலைன்னா எனக்கு இன்சூரன்ஸ் வராதுங்க. உங்க மேல கோபம் ஒண்ணுமில்லை. நீங்களும் உங்க பாலிசி கம்பெனிக்குச் சொல்லிருங்க.” நோட்டீஸ் போட்டதாலேயே யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. கெடு தவறாமல் உரிமையைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை.

ஜவுளி, தேங்காய், வெங்காயம், டைல்ஸ், மருந்து என்று எந்தச் சரக்கை லாரியில் ஏற்றுகிறவராக இருந்தாலும் இன்றே மூன்று தாள்களை எடுத்துப் பாருங்கள்: உங்கள் பாலிசி, வாடகை ஒப்பந்தம், கடைசியாக வந்த லாரி ரசீது. இனி குடோன் வாசலில் யார் வெள்ளைத்தாளை நீட்டினாலும், இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பதில் வரும் வரை பேனாவைத் திறக்காதீர்கள்.